ஆல்பம் வரவில்லை, படமும் குறைகிறது: போட்டோகிராபருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: தங்கச்சி கல்யாணம் பிப்ரவரி 2ஆம் தேதி குடியாத்தத்துல நடந்தது. போட்டோகிராபர் ராணிப்பேட்டைக்காரர். அப்பாவோட சிநேகிதர் பையன், அண்ணான்னுதான் கூப்பிடுவோம். செலக்‌ஷன் கொடுத்து ஏழு மாசம் ஆகுது, ஆல்பம் வரல. பென் டிரைவ்ல கொடுத்த படத்துலயும் தாரை வார்த்தது, எங்க ஆயா தாலித் தட்டைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணினது எதுவுமே இல்ல. 20,000 ரூபாய் பாக்கி வெச்சிருக்கோம். கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு, ஃபைல் லிஸ்ட் எல்லாம் இணைச்சிருக்கேன். உறவும் கெடக்கூடாது, வேலையும் நடக்கணும். எப்படி எழுதறது?

பதில்:

வேலூரில் பதினோரு வருடம் ஆல்பம் டிசைன் செய்தவன் நான். ஸ்டுடியோக்காரர் "லேப்ல இருக்குங்க" என்று சொல்லும்போது அந்த ஆல்பம் என் கம்ப்யூட்டரில் திறக்காமலே கிடந்த நாட்கள் உண்டு. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கிருப்பதால் கொஞ்சம் உள்விவரத்தோடே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் கவலைப்பட வேண்டியது ஆல்பத்தைப் பற்றியே அல்ல. படங்கள் கையில் இருந்தால் ஆல்பத்தை நாளைக்கு வேலூரில் வேறு ஒருவரிடம்கூட அடித்துக்கொள்ளலாம். படங்கள் போனால் போனதுதான். அந்தக் காலையின் ஒரே பிரதி அவருடைய கார்டிலோ ஹார்டு டிஸ்கிலோ இருக்கிறது. இப்போது ஐப்பசி முகூர்த்தங்கள் வரப்போகின்றன. இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களை அழிப்பது இந்த மாதிரி சமயத்தில்தான். அதனால் கடிதத்தில் முதல் கோரிக்கை "எங்கள் கல்யாணம் சம்பந்தப்பட்ட எதையும் அழிக்காதீர்கள்" என்பதாக இருக்கட்டும். ஆல்பம் அதற்கு அடுத்தது.

அடுத்து, "படம் குறைகிறது" என்று மட்டும் எழுதினால் "எடுத்ததெல்லாம் கொடுத்துட்டேனே தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எது குறைகிறது என்று நீங்கள் காட்ட வேண்டும். அது உங்கள் ஃபைல் லிஸ்டிலேயே இருக்கிறது. கேமரா தான் எடுக்கும் படங்களுக்கு வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போகும். கண் மூடியது, ஆடியது எல்லாவற்றையும் ஸ்டுடியோவில் கழித்துவிடுவார்கள் என்பதால் நடுநடுவே இரண்டு எண், ஐந்து எண் விடுபடுவது சகஜம். உங்கள் லிஸ்டில் முகூர்த்தத்தன்று காலை DSC03871 என்ற படம் 5.52-க்கு எடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த படம் DSC04406, நேரம் 6.31. நடுவில் 534 எண்கள் இல்லை, 39 நிமிடமும் இல்லை. கழித்துக்கட்டியதில் இவ்வளவு போகாது. 39 நிமிடத்தில் ஒரு நல்ல படம்கூட விழவில்லை என்று எந்தப் போட்டோகிராபரும் சொல்ல மாட்டார்.

நேரத்தை நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து Properties, அதில் Details, அதில் Date taken என்ற வரியைப் பாருங்கள். கேமரா கடிகாரம் சில நிமிடம் முன்பின் இருக்கலாம். அது முக்கியமில்லை, இடைவெளிதான் முக்கியம். ஸ்டுடியோவில் பெயர் மாற்றிக் கொடுத்திருந்தால் எண் உதவாது, ஆனால் இந்த நேரம் பெரும்பாலும் தங்கிவிடும்.

அந்த நேரத்தில் இன்னொரு கேமரா, அதாவது கேண்டிட் எடுத்தவருடையது, 60 படம் காட்டுகிறது. தாலி கட்டும் படம் உங்களிடம் இருப்பது அதனால்தான். கேண்டிட் எடுப்பவர் பெண், மாப்பிள்ளை முகத்தை விட்டு நகர மாட்டார். சபையில் தட்டு சுற்றி வருவது, பெரியவர்கள் தொடுவது இதெல்லாம் டிரடிஷனல் எடுப்பவரின் வேலை. குறைவது அவருடைய கேமராவில்தான். என் கணிப்பைச் சொன்னால், முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் அவர் கார்டு மாற்றியிருக்கிறார், மாற்றிப் போட்ட கார்டு நிறைந்ததும் மறுபடி மாற்றியிருக்கிறார். நடுவில் இருந்த அந்த ஒரு கார்டு கம்ப்யூட்டருக்கு ஏறவே இல்லை. அது இன்னும் எங்காவது கிடக்கலாம். எங்களிடம் ஒரு நலங்கு கார்டு மூன்று மாதம் காணாமல் போய், கடைசியில் பழைய ஃபிலிம் டப்பாவுக்குள் பேட்டரி மூடியோடு சேர்ந்து கிடைத்தது. அல்லது உங்கள் படங்கள் இருந்த கார்டை ஃபார்மட் செய்து வேறு கல்யாணங்கள் எடுத்திருக்கலாம். அப்படியானால் மீட்பது கஷ்டம். இரண்டு கார்டு போடும் கேமராவாக இருந்து, இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வைத்திருந்தால் நல்ல காலம். இதில் எது நடந்தது என்று அவரைக் குற்றம் சாட்டாமல் கேட்பதுதான் கடிதத்தின் சாமர்த்தியம்.

ஆல்பத்துக்கு வருவோம். கொட்டேஷனில் "செலக்‌ஷன் கொடுத்த நாளிலிருந்து 45 நாள்" என்று அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் மார்ச் 10 அன்று 130 படம் தேர்ந்தெடுத்து அனுப்பியதற்கு வாட்ஸ்அப்பில் "ஓகே, டிசைனுக்கு அனுப்பிட்டேன்" என்று பதில் இருக்கிறது. ஆக, கெடு ஏப்ரல் 24. ஜூலையில் "ஆடி முடியட்டும்" என்று சொல்லியிருக்கிறாரே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. நிலுவை ஆல்பங்களை முடிக்க எங்களுக்குக் கிடைக்கும் மாதமே அதுதான். ஆடியிலும் நகரவில்லை என்றால் நேரமின்மை காரணமல்ல, வேறெங்கோ சிக்கியிருக்கிறது.

சிக்கும் இடம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, டிசைனரிடம். பெரும்பாலான ஸ்டுடியோக்கள் டிசைனை வெளியே கொடுக்கின்றன. பழைய பாக்கி தராத ஸ்டுடியோவின் வேலையை டிசைனர் கடைசியில்தான் எடுப்பார். மற்றொன்று, லேபில். அச்சடிக்க லேபுக்குப் பணம் கட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த முன்பணம் கல்யாணத்தன்றே ஆள்கூலிக்கும் டிரோன் வாடகைக்கும் போயிருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "டிசைன் செய்த பக்கங்களைப் பார்க்க அனுப்புங்கள்." இரண்டு நாளில் அனுப்பிவிட்டால் டிசைன் முடிந்துவிட்டது, லேப் பணம்தான் தடை. சாக்குச் சொன்னால் டிசைனே ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்காததற்குக் காரணம் அந்தக் காணாமல் போன கார்டாகவும் இருக்கலாம். முகூர்த்தப் பக்கங்களை எதை வைத்து நிரப்புவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டிருப்பார். மனிதர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சொல்லக் கூச்சப்பட்டே மாதங்களை ஓட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பாதீர்கள். ஒரே தாளில் அடித்து, யார் பெயரில் கொட்டேஷன் இருக்கிறதோ அவர் கையெழுத்திட்டு (உங்கள் விஷயத்தில் அப்பா), பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதே தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு போன் செய்து, "அண்ணா, அப்பா பேர்ல ஒரு லெட்டர் வரும். சண்டைக்கு இல்ல, பேசினதெல்லாம் ஒரு இடத்துல இருக்கட்டும்னுதான்" என்று சொல்லிவிடுங்கள். திடீரென்று தபாலில் வந்தால் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அது உங்களுக்கும் நல்லதல்ல.

உங்கள் ஆவணங்களை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

குடியாத்தம்,
06.10.2025

மதிப்பிற்குரிய … அவர்களுக்கு,

வணக்கம். 02.02.2025 அன்று நடந்த என் மகள் திருமணத்தில் நீங்களும் உங்கள் குழுவினரும் விடியற்காலையிலிருந்து நின்று வேலை செய்ததை நாங்கள் மறக்கவில்லை. கொடுத்த படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. வர வேண்டியவை இன்னும் வராததால் இதை எழுதுகிறேன்.

உங்கள் கொட்டேஷன்படி மொத்தம் ரூ.85,000. இதில் ரூ.65,000 கொடுத்திருக்கிறோம். ரூ.20,000 பாக்கி. 10.03.2025 அன்று 130 படங்களைத் தேர்வு செய்து அனுப்பினோம். 45 நாளில், அதாவது 24.04.2025க்குள், 12×36 அளவில் 40 ஷீட் ஆல்பம் ஒன்றும் மினி ஆல்பம் ஒன்றும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தீர்கள். மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் கேட்டபோது விரைவில் தருவதாகச் சொன்னீர்கள். இன்றுவரை வரவில்லை. முழு நீள வீடியோவும் வரவில்லை.

பென் டிரைவில் உள்ள படங்களில் ஒரு கேமராவின் படங்கள் DSC03871க்குப் பிறகு நேராக DSC04406க்குப் போகின்றன. காலை 5.52 முதல் 6.31 வரையான படங்கள் இல்லை. தாரை வார்த்ததும், என் தாயார் தாலித் தட்டைத் தொட்டு ஆசீர்வதித்ததும் அந்த நேரத்தில்தான். ஒரு கார்டு ஏற்றப்படாமல் விட்டுப்போயிருக்கலாம் என்று நினைக்கிறோம். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது:

எங்கள் திருமணம் தொடர்பான படங்களையும் வெட்டப்படாத வீடியோவையும் எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம். மேற்சொன்ன 39 நிமிடப் படங்கள் இருக்கின்றனவா, இல்லையா என்பதை 13.10.2025க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லை என்றாலும் உள்ளதைச் சொல்லுங்கள், மாற்று வழி பார்க்கலாம். ஆல்பம் டிசைன் எந்த நிலையில் இருந்தாலும் அந்தப் பக்கங்களை அதே தேதிக்குள் அனுப்புங்கள். தீபாவளி வேலைகள் இருக்கும் என்பதால் முழு டிசைனுக்கு 31.10.2025 வரையிலும், ஆல்பங்களுக்கும் வீடியோவுக்கும் 22.11.2025 வரையிலும் காத்திருக்கிறோம்.

டிசைனுக்கு நாங்கள் சம்மதம் சொல்லும் அன்றே ரூ.10,000மும், எல்லாவற்றையும் ஒப்படைக்கும் அன்று மீதி ரூ.10,000மும் தருகிறோம்.

இந்தத் தேதிகளில் முடியாது என்றால், எடுத்த படங்கள் அனைத்தையும் எங்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஆல்பத்தை வேறிடத்தில் செய்துகொண்டு, அதற்கான செலவைப் பாக்கித் தொகையில் கழித்துக் கணக்கை முடித்துக்கொள்வோம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
…

இதில் மிரட்டல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். கோர்ட், கன்ஸ்யூமர் என்ற வார்த்தை முதல் கடிதத்திலேயே வந்தால் அவர் தன் பக்கத்து வக்கீலைத்தான் தேடுவார், கார்டைத் தேட மாட்டார். "இல்லை என்றாலும் உள்ளதைச் சொல்லுங்கள்" என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஏழு மாதமாகச் சொல்ல முடியாமல் இருப்பவருக்கு அது திறந்துவிடும் கதவு.

பாக்கியை இரண்டாகப் பிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு "ஆல்பம் கொண்டா, பணம் வாங்கிக்கோ" என்பது நியாயம்தான். ஆனால் லேபுக்குக் கட்டக் காசில்லாமல் நிற்பவரிடம் அந்த நியாயம் நகராது. டிசைனைக் கண்ணால் பார்த்தபின் 10,000 கொடுத்தால் அச்சு நடக்கும், மீதி 10,000 உங்கள் கையில் பிடியாகவும் இருக்கும். டிசைனைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அந்த 39 நிமிடம் போய்விட்டது என்றே பதில் வந்தால்? கார்டு ஃபார்மட் ஆகியிருந்தாலும், அதன் மேல் புதிதாக எதுவும் எடுக்காமல் இருந்தால் மீட்கும் மென்பொருளில் படங்கள் திரும்ப வர வாய்ப்புண்டு. மேலே எழுத எழுத வாய்ப்பு குறையும். ஹார்டு டிஸ்க் பழுது என்றால் அதைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் டேட்டா மீட்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் வீடியோ இருக்கிறது. மேடையில் வீடியோ கேமரா அந்த நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். வெட்டப்படாத வீடியோவை அழிக்க வேண்டாம் என்று கடிதத்தில் சேர்த்தது இதற்காகத்தான். 4கே-வில் எடுத்திருந்தால் ஒரு பிரேம் 3840 புள்ளி அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் ஏறக்குறைய 13 அங்குலம் வரும், ஆல்பப் பக்கத்தில் பெரிய படமாகவே வைக்கலாம். ஃபுல் ஹெச்டி என்றால் ஆறு அங்குலம்தான், சின்னப் படமாக வைக்கலாம். வீடியோவில் அசையும் கை மசமசவென்று தெரியும். ஆயா தட்டின் மேல் கை வைத்து ஒரு கணம் நிறுத்தியிருப்பாரே, அந்த பிரேமைத் தேடச் சொல்லுங்கள்.

கடிதத்துக்குப் பதிலே இல்லை என்றால், நவம்பர் 22 கழிந்ததும் இரண்டாவது, கடைசிக் கடிதம். அது நாலு வரி போதும்: முதல் கடிதத்தின் தேதி, பதில் வராதது, 15 நாள் அவகாசம், பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம் என்பது. ராணிப்பேட்டை இப்போது தனி மாவட்டமாயிற்றே, அங்கேதான் போக வேண்டுமா என்றால் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், உங்களுக்கு வேலூர் ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அவர் வாக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்று நாளைத் தள்ளி எண்ணாமல், ஏப்ரல் 24, 2025 முதலே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புகார் போடுவதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். பல விஷயம் அங்கேயே பேசி முடிகிறது.

"பாக்கி கட்டினால்தான் படம், போட்டோ என் சொத்து" என்று எப்போதாவது சொன்னால் ஒன்று தெரிந்துவைத்திருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் உங்கள் கொட்டேஷனின் அடியில் "ரா ஃபைல்கள் தரப்படாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதனால் ரா ஃபைல் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம், ஜேபெக் படங்கள் எல்லாமும் வந்தால் போதும்.

இடையில் இரண்டு காரியம் செய்யாதீர்கள். கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுவது ஒன்று. படங்கள் கைக்கு வரும்வரை அது அவர் கோபத்தைத்தான் கிளறும். மாமா, சித்தப்பா என்று ஐந்து பேர் பைக்கில் போய் ஸ்டுடியோ வாசலில் நிற்பது மற்றொன்று. நேரில் போக வேண்டும் என்றால் அப்பாவும் அவருடைய சிநேகிதரும் மட்டும் போகட்டும், கடிதத்தின் நகலோடு.

ஆல்பம் வாங்கப் போகும்போது லேப்டாப்பை எடுத்துப் போங்கள். ஷீட்டை எண்ணுங்கள், 40 இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷீட்டையும் தட்டையாக விரித்து, நடு மடிப்பு யார் முகத்திலாவது விழுகிறதா என்று பாருங்கள். டிசைனில் நீங்கள் கண்டுபிடிக்காமல் விடுவது இதைத்தான், விரித்த பிறகே தெரியும். புதிதாகக் கொடுக்கும் பென் டிரைவை அங்கேயே திறந்து 5.52க்கும் 6.31க்கும் நடுவில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, லேப்டாப்பில் ஒரு நகல் போட்டுக்கொண்டு, அதன்பிறகு மீதி 10,000 ரூபாயைக் கொடுத்து, "கணக்கு முடிந்தது" என்று இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் காபி வாங்கிக் கொடுத்தால் குடித்துவிட்டே வாருங்கள்.